வரைபடத்தின் போட்டோ இல்லாதபோது அட்டவணையாகக் கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வக வரைபடத்தைப் போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள். போன் மாறும், பழைய படம் திறக்காது, ரெக்கார்டு நோட்டு ஆசிரியர் மேசையில் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கில் சந்தேகம் வரும். எல்லோருக்கும் பழக்கமான தனி ஊசல் சோதனை ஒன்றையே எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதிலேயே பதில் சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் டையோடு வரும்.

வரைபடத்தின் போட்டோ போய்விட்டது. அப்சர்வேஷன் நோட்டு மட்டும் இருக்கிறது. g மதிப்பு 9.5 பக்கம்தான் வருகிறது. எங்கே தப்பு என்று ஒருவரிடம் கேட்க, எதை அனுப்ப வேண்டும்?

நோட்டில் இருக்கும் அளவீடுகளை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புங்கள். வரைபடத்தை மறுபடி வரைய உட்கார வேண்டாம். இரண்டாவது முறை வரையும்போது கை தானாகவே புள்ளிகளைக் கோட்டுக்கு அருகில் இழுத்துவிடும்.

இதோ, ஒரு மாதிரி:

```
சோதனை: தனி ஊசல், g காணல்
x அச்சு: l (m), நூலின் நீளம், தாங்கியிலிருந்து குண்டின் கொக்கி வரை
y அச்சு: T^2 (s^2)
t = 20 அலைவுகளுக்கான நேரம், மீச்சிற்றளவு 0.1 s

l (cm), t1 (s), t2 (s), சராசரி t (s), T (s), T^2 (s^2)
40.0, 25.9, 26.1, 26.0, 1.300, 1.690
50.0, 28.9, 28.9, 28.9, 1.445, 2.088
60.0, 31.5, 31.7, 31.6, 1.580, 2.496
70.0, 34.2, 34.0, 34.1, 1.705, 2.907
80.0, 36.3, 36.5, 36.4, 1.820, 3.312
90.0, 38.5, 38.5, 38.5, 1.925, 3.706

கோடு: ஆதிப்புள்ளி வழியாக வரைந்தேன். g = 9.52
l/T^2 சராசரியிலிருந்து g = 9.49
```

மேலே இருக்கும் நாலு வரிகளையும் கீழே இருக்கும் இரண்டு வரிகளையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு வரிசை எண்கள் மட்டும் வந்தால் பார்ப்பவர் ‘இது எதற்கான நேரம், நீளம் எதுவரை’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் ரெக்கார்டு சமர்ப்பிக்கும் நாளே வந்துவிடும்.

நீளத்தை நோட்டில் செ.மீ.-இல் எழுதிவிட்டு வரைபடத்தில் மீட்டரில் குறித்திருந்தால் இந்த மாதிரியில் இருப்பதுபோல் இரண்டையும் சொல்லிவிடுங்கள். எண்களை நீங்களாக மாற்றி எழுத வேண்டாம். நோட்டில் 40.0 என்று இருந்தால் 40.0 என்றே வரட்டும்.

நேர்கோடு வந்தது, சாய்வும் சரியாகத்தான் போட்டேன் என்று வார்த்தையில் சொன்னால் போதாதா? புள்ளிகள் எல்லாம் எதற்கு?

மேலே உள்ள அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை g கணக்கிட்டுப் பாருங்கள். வாய்பாடு `g = 4π²l/T²`.

```
l (m), g (m/s^2)
0.40, 9.34
0.50, 9.45
0.60, 9.49
0.70, 9.51
0.80, 9.54
0.90, 9.59
```

தற்செயலான பிழை என்றால் இந்த எண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். இங்கே ஒன்றுகூடத் திரும்பாமல் ஏறிக்கொண்டே போகிறது. நூல் நீளம் கூடக் கூட g உண்மையான மதிப்பை நெருங்குகிறது. அதாவது நீளத்தில் எல்லா வரிசைக்கும் பொதுவாக ஒரு சின்ன அளவு விடுபட்டிருக்கிறது. 40 செ.மீ. நூலில் 1.7 செ.மீ. விடுபட்டால் அது 4 சதவீதத்துக்கும் மேல். 90 செ.மீ. நூலில் அதே அளவு 2 சதவீதத்துக்கும் குறைவு. அந்த வித்தியாசம்தான் இந்த ஏற்றம்.

விடுபட்டது எது என்று ஊகிக்கவே தேவையில்லை, மாதிரியின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது: ‘குண்டின் கொக்கி வரை’. ஊசலின் நீளம் என்பது தாங்கியிலிருந்து குண்டின் மையம் வரை. கொக்கியின் உயரமும் குண்டின் ஆரமும் கணக்கில் வரவே இல்லை.

ஆதிப்புள்ளி வழியாகத்தான் கோடு போக வேண்டும் என்று முடிவு செய்யாமல், புள்ளிகள் காட்டும் வழியில் விட்டால் சாய்வு 4.05 s²/m, y அச்சில் வெட்டுத்துண்டு 0.07 s². சாய்விலிருந்து g = 9.76 கிடைக்கிறது. வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் 0.017 மீ., அதாவது 1.7 செ.மீ. விடுபட்ட நீளம் அதுதான். கோட்டை ஆதிப்புள்ளிக்கு இழுத்ததால் சாய்வு 4.15 ஆகி, g 9.52-க்கு இறங்கிவிட்டது. தமிழ்நாடு இருக்கும் அட்சரேகையில் g ஏறத்தாழ 9.78. ஆகவே 9.76 என்பது நல்ல விடை. சோதனையைச் செய்தவர் நன்றாகத்தான் செய்திருக்கிறார்.

இதில் இன்னொன்றும் உண்டு. வரைபடத்தாளில் y அச்சுக்கு 1 செ.மீ. = 0.5 s² என்று அளவுத்திட்டம் எடுத்திருந்தால், இழுத்து வரைந்த கோட்டுக்கு முதல் புள்ளி 0.03 s² மேலே இருக்கும். தாளில் அது 0.6 மி.மீ. பென்சில் புள்ளியின் பருமனே அவ்வளவு வரும். கடைசிப் புள்ளி அதேபோல் கொஞ்சம் கீழே. போட்டோ பத்திரமாக இருந்திருந்தாலும் ‘எல்லாப் புள்ளியும் கோட்டில்தானே இருக்கிறது’ என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். அட்டவணையில் அது ஒளிய இடமில்லை. எனக்குப் போட்டோவும் அட்டவணையும் சேர்ந்து வந்தாலும் முதலில் அட்டவணையைத்தான் பார்ப்பேன்.

அலைவுகளை எண்ணியதில் தப்பு இருந்தால் அதுவும் அட்டவணையில் தெரியுமா? இல்லை, அதற்கு மறுபடி சோதனை செய்துதான் பார்க்க வேண்டுமா?

பெரும்பாலும் தெரியும். எண்ணிக்கைத் தப்பு விடும் தடம் வேறு மாதிரி இருக்கும்.

குண்டைக் கடக்கவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தும் அந்த நொடியிலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குவது பரவலான பழக்கம். ‘இருபது’ சொல்லும்போது உண்மையில் 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். அதை 20-ஆல் வகுத்தால் T எல்லா வரிசையிலும் 5 சதவீதம் குறையும், g 10.8 பக்கம் போகும். எல்லா நீளத்துக்கும் ஒரே விகிதத்தில் தப்பு என்பதால் வரிசைகளுக்கிடையே ஏற்றமோ இறக்கமோ இருக்காது. கோடும் அழகாக ஆதிப்புள்ளி வழியாகப் போகும். பார்க்கக் குறையே இல்லாத வரைபடம், விடை மட்டும் 10 சதவீதம் தள்ளி. பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள், தீர்ந்தது.

ஒரே ஒரு வரிசையில் மட்டும் ஓர் அலைவு எண்ணப்படாமல் போயிருந்தால் அந்த வரிசை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 70 செ.மீ. வரிசையில் 21 அலைவுகள் ஓடவிட்டு 20 என்று நினைத்திருந்தால் t 35.8 வினாடி ஆகும், அந்த வரிசையின் g 8.6 பக்கம் விழும். அக்கம்பக்கம் இரண்டும் 9.5 இருக்கும்போது இது கண்ணில் படாமல் போகாது.

வீச்சு அதிகமாகிவிட்டதோ என்று சிலர் கேட்பார்கள். 10 டிகிரி வீச்சில் T கூடுவது 0.2 சதவீதம்தான். g-இல் 3 சதவீதக் குறைவு வர வேண்டுமென்றால் ஏறத்தாழ 30 டிகிரிக்கு இழுத்துவிட்டிருக்க வேண்டும். அப்படி யாரும் விடமாட்டார்கள், பக்கத்து மேசைக்காரர் மேல் குண்டு இடிக்கும்.

அச்சுகளுக்கு ‘X நீளம், Y நேரம்’ என்று எழுதினேன். அது போதாது என்கிறார்கள். வேறு என்ன எழுதுவது?

நேரம் என்றால் இந்தச் சோதனையில் மூன்று இருக்கின்றன: 20 அலைவுகளின் நேரம் t, ஓர் அலைவின் நேரம் T, அதன் வர்க்கம் T². மூன்றுக்கும் வரைபடம் வேறு. முதல் இரண்டையும் l-க்கு எதிராக வரைந்தால் வளைவு வரும், T²-க்குத்தான் நேர்கோடு. ‘வளைஞ்சு வருது, ஏன்’ என்று கேட்பவர்களில் பாதிப் பேர் T-ஐ வரைந்திருப்பார்கள்.

நீளத்துக்கும் எங்கிருந்து எங்குவரை என்று ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மேலேயே பார்த்தோம்.

அலகு இல்லாமல் வந்தால் என்ன ஆகும்? சாய்வு 0.0405 என்று மட்டும் ஒருவர் சொல்கிறார். 39.48-ஐ அதால் வகுத்தால் 975 வருகிறது. நீளம் செ.மீ.-இல் இருந்திருக்க வேண்டும், விடை cm/s² என்று இங்கே ஊகித்துவிடலாம். g-இன் மதிப்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் ஊகிக்க முடிகிறது. தெரியாத சுருள்வில்லின் விசை மாறிலி, தெரியாத கம்பியின் மின்தடை என்று வந்துவிட்டால் நூறு மடங்கு தப்பையும் கண்டுபிடிக்க வழியில்லை.

பத்தின் அடுக்கைத் தலைப்பில் சேர்த்து எழுதுவதில்தான் குழப்பம் அதிகம். ஒரு பத்தியின் தலைப்பு `I × 10⁻³ A`, கீழே 2.5 என்று இருக்கிறது. மின்னோட்டம் 2.5 மில்லி ஆம்பியரா, இல்லை ஏற்கெனவே 10⁻³-ஆல் பெருக்கி எழுதியதா? இரண்டு விதமாகவும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசாமல் `I (mA)` என்று தலைப்பிட்டு 2.5 என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

கணக்கிட்டு முடித்த T² மட்டும் கொடுக்கிறேனே? வரைபடத்தில் இருந்தது அதுதானே?

அதுதான் இருந்தது, ஆனால் அதோடு நிறுத்தினால் அதற்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. குறிப்பாக எண்களை எங்கே சுருக்கினீர்கள் என்பது.

அதே சோதனை, அதே ஸ்டாப்வாட்ச் அளவீடுகள். 20-ஆல் வகுத்த உடனே T-ஐ ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். T மதிப்புகள் 1.3, 1.4, 1.6, 1.7, 1.8, 1.9 ஆகும். T² மதிப்புகள் 1.69, 1.96, 2.56, 2.89, 3.24, 3.61. இதை வைத்து வரிசைவாரியாக g பார்த்தால் 9.34, 10.07, 9.25, 9.56, 9.75, 9.84. ஏறிக்கொண்டே போன அந்த ஒழுங்கு போயே போய்விட்டது. பார்ப்பவர் ‘கை பதறியிருக்கிறது, மறுபடி செய்’ என்று சொல்லிவிடுவார். கொக்கி வரை அளந்ததுதான் காரணம் என்பது கடைசிவரை வெளியே வராது.

ஸ்டாப்வாட்ச் 0.1 வினாடிக்குத்தான் காட்டுகிறது, T-க்கு மூன்று தசம இடம் எப்படி எழுதலாம் என்று கேட்கலாம். 20 அலைவுகளின் நேரத்தில் 0.1 வினாடி ஐயம் என்றால் ஓர் அலைவில் அது 0.005 வினாடி. மொத்தமாக அளந்து வகுப்பதன் ஆதாயமே அதுதான். அதைச் சுருக்கித் தூக்கி எறிய வேண்டாம்.

இரண்டு முறை அளந்திருந்தால் t1, t2 இரண்டையும் கொடுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பதிலிருந்து உங்கள் கை எவ்வளவு நிதானம் என்று தெரிந்துவிடும். மேலே உள்ள அட்டவணையில் அதிகபட்சம் 0.2 வினாடி. நல்ல கை.

அளவுத்திட்டம், அச்சு எங்கே தொடங்கியது என்பதெல்லாம் அட்டவணைக்குத் தேவையா? புள்ளிகள்தான் இருக்கின்றனவே.

புள்ளிகளை வைத்துப் புதிதாகக் கணக்கிடுபவருக்குத் தேவையில்லை. நீங்கள் வரைபடத்திலிருந்து படித்த ஒரு மதிப்பைப் பற்றிச் சந்தேகம் என்றால் கட்டாயம் தேவை.

தாளில் இடம் மிச்சப்படுத்த x அச்சை 40 செ.மீ.-இல் தொடங்கியிருப்பீர்கள். கோடு இடதுபக்கச் செங்குத்துக் கோட்டைத் தொடும் இடத்தை வெட்டுத்துண்டு என்று எடுத்தால் 1.69 வரும். உண்மையான வெட்டுத்துண்டு l = 0 இருக்கும் இடத்தில், 0.07. ‘வெட்டுத்துண்டு 1.69 வந்தது’ என்று வார்த்தையில் மட்டும் சொன்னால் கேட்பவருக்குத் தலை சுற்றும். ‘x அச்சு 40-இல் தொடங்குகிறது’ என்று சேர்த்துச் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

சாய்வுக்கு எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அவை அளந்த புள்ளிகளா, கோட்டின் மேலிருந்து படித்தவையா என்பதும் வேண்டும். மடக்கை அளவுத்தாளில் வரைந்திருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்சர்வேஷன் நோட்டும் தொலைந்துவிட்டது. வரைபடத்தின் ஒரு ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது. அதிலிருந்து புள்ளிகளைப் படித்து அட்டவணை போடலாமா?

போடலாம். ஆனால் ‘வரைபடத்திலிருந்து படித்தவை’ என்று தலைப்பிலேயே எழுதுங்கள். எந்த அளவுக்குப் படிக்க முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1 செ.மீ. = 0.5 s² என்ற திட்டத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.05 s². கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அரைக் கட்டம் வரை, 0.025 வரை படிக்கலாம். மேலே உள்ள ஆறு புள்ளிகளையும் அப்படிப் படித்தால் 1.70, 2.10, 2.50, 2.90, 3.30, 3.70 கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையே துல்லியமாக 0.40. சாய்வு 4.00, வெட்டுத்துண்டு 0.10, g = 9.87, விடுபட்ட நீளம் 2.5 செ.மீ.

இதைக் கவனியுங்கள். அசல் அளவீடுகளைவிட இது நேராக இருக்கிறது! ஆனால் விடை அசலைவிட மோசம். கட்டத்துக்கு வட்டமாக்கியதில் இயல்பான சிதறல் மறைந்துவிட்டது. குறிப்பு எதுவும் இல்லாமல் இந்த அட்டவணை வந்தால், இவ்வளவு ஒழுங்கான எண்களைப் பார்த்ததும் இட்டுக்கட்டியது என்றுதான் எனக்குத் தோன்றும். ‘ஜெராக்ஸிலிருந்து 0.025 s² வரை படித்தது’ என்று ஒரு வரி இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. விடுபட்ட நீளம் 2.5 என்பதை ‘2 செ.மீ. சுற்றுவட்டாரம்’ என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது தாள் சற்றுச் சுருங்கியோ விரிந்தோ இருக்கலாம். அளவுகோலை வைத்து அளக்காமல் தாளில் அச்சான கட்டங்களை எண்ணிப் படித்தால் அந்தப் பிரச்சினை வராது.

சாய்வும் வெட்டுத்துண்டும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவற்றை வைத்து ஆறு புள்ளிகள் உருவாக்கிக்கொள்ளட்டுமா?

வேண்டாம். அந்த ஆறும் கோட்டின் மேல் அச்சுப் பிசகாமல் உட்காரும், புதிதாக எதையும் சொல்லாது. ‘சாய்வு 4.15, கோடு ஆதிப்புள்ளி வழியாக, மீதி இல்லை’ என்று இருப்பதை மட்டும் சொல்லுங்கள்.

டையோடு வளைவு மாதிரி நேர்கோடு இல்லாத வரைபடத்துக்கு எத்தனை புள்ளிகள் கொடுப்பது?

எடுத்த எல்லாவற்றையும் கொடுங்கள். குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வளைவு திரும்பும் இடத்தில் குறைக்காதீர்கள். சிலிக்கான் டையோடில் முன்னோக்குச் சார்பு 0.5 வோல்ட் வரை மின்னோட்டம் ஏறுவதே தெரியாது. 0.6 தாண்டியதும் சட்டென்று எகிறும். 0, 0.2, 0.4, 0.6, 0.8 என்று சமமாக எடுத்தால் அந்தத் திருப்பம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் காணாமல் போகும். 0.5-இலிருந்து 0.75 வரை நெருக்கமாகக் கொடுத்துவிட்டு மற்ற இடத்தில் தாராளமாக விடலாம்.

முன்னோக்கு, பின்னோக்குச் சார்பு இரண்டையும் ஒரே தாளில் முதலாம், மூன்றாம் கால்பகுதிகளில் வரைவது வழக்கம். ஆனால் மேலே மில்லி ஆம்பியர், கீழே மைக்ரோ ஆம்பியர். கிடையச்சிலும் வலதுபக்கத் திட்டமும் இடதுபக்கத் திட்டமும் வேறு. இதை ஒரே அட்டவணையில் போட்டால் பின்னோக்கு மின்னோட்டம் ஆயிரம் மடங்கு வீங்கிவிடும். இரண்டு அட்டவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு போடுங்கள்.

எக்செல்லிலிருந்து எடுத்து மெசேஜில் ஒட்டினால் பத்திகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?

மேலே மாதிரியில் இருப்பதுபோல் மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி போட்டு, ஒரு வரிசைக்கு ஒரு வரி என்று எழுதிவிடுங்கள். இடைவெளிகளை வைத்துப் பத்தி நிரப்புவது அடுத்தவர் போனில் நிச்சயம் கலைந்துவிடும். அப்புறம், எக்செல் 26.0-ஐ 26 என்றும் 1.300-ஐ 1.3 என்றும் காட்டும். எத்தனை இடம்வரை அளந்தீர்கள் என்பது அதில் போய்விடுகிறது. அனுப்புமுன் தசம இடங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள், அல்லது நோட்டைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள். ஆறு வரிசைதானே.

அட்டவணை எனக்கு வந்திருக்கிறது. படம் இல்லாமல் நான் எப்படிச் சரிபார்ப்பது?

நீளத்தை மீட்டரில் A பத்தியிலும் T²-ஐ B பத்தியிலும், இரண்டாவது வரிசையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். பிறகு:

```
=SLOPE(B2:B7,A2:A7)
=INTERCEPT(B2:B7,A2:A7)
```

முதலில் y, அப்புறம் x. மாற்றிக் கொடுத்தால் சாய்வு தலைகீழாகி 0.247 பக்கம் வரும்.

இங்கே 4.05, 0.07 கிடைக்கும். ஆறே புள்ளிகள், 0.1 வினாடி ஸ்டாப்வாட்ச் என்பதால் g-இல் 0.03-ம், விடுபட்ட நீளத்தில் 2 மி.மீ.-ம் முன்னே பின்னே இருக்கலாம். ஆகவே 1.7 செ.மீ. என்று வந்ததை எடுத்து நீளத்தோடு கூட்டிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று முடிக்கக் கூடாது. கோட்டிலிருந்தே எடுத்த எண்ணை அதே கோட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால் பொருந்தாமல் எப்படிப் போகும்? ஆய்வகத்துக்குப் போய் அதே குண்டை வெர்னியர் அளவியில் வைத்து விட்டத்தையும், கொக்கியின் உயரத்தையும் அளந்து வரச் சொல்லுங்கள்.

விட்டம் 2.5 செ.மீ., கொக்கி அரை செ.மீ. என்று வந்தால் ஆரத்தோடு சேர்த்து 1.75 செ.மீ. நம் 1.7-க்கு அது ஒத்துப்போகிறது. அதைக் கூட்டிய பிறகு ஆறு வரிசைகளிலும் g 9.74-க்கும் 9.79-க்கும் இடையே, ஏற்றம் இல்லாமல் கலந்து நிற்கும். மாறாக குண்டின் ஆரமும் கொக்கியும் சேர்ந்து 1 செ.மீ.-தான் என்றால் மீதி 7 மி.மீ. வேறெங்கோ இருக்கிறது. அப்போது நூலைப் பிடித்திருக்கும் பிளந்த தக்கையைப் பாருங்கள். தக்கை இறுக்கமாக இல்லாவிட்டால் நூல் அதன் அடிவிளிம்பில் மடங்காமல் கொஞ்சம் உள்ளேயிருந்தே ஆடத் தொடங்கும். அளவுகோல் வைத்தது அடிவிளிம்பிலிருந்து என்பதால் அந்த நீளமும் கணக்கில் வராது.